வீட்டு இணையத்துக்கு எத்தனை எம்பிபிஎஸ் வேண்டும்? இரவு எட்டு மணியை வைத்துக் கணக்கிடும் முறை

மதுரையில் இருக்கும் என் தங்கை வீட்டில் கடந்த தீபாவளிக்குச் சற்று முன்பு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பை 200 ஆக உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும், அமெரிக்க வாடிக்கையாளரோடு மாலையில் நடக்கும் கூட்டங்களில் தங்கையின் குரல் முன்பு போலவே உடைந்துகொண்டிருந்தது. "இருநூறு போட்டும் எனக்கு மட்டும் ஏன் அண்ணே இப்படி?" என்று அவள் கேட்டபோது, இரண்டு மாலைப் பொழுதுகள் அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான், முதல்முறை இணைப்பு வாங்குபவருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அலகைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இணைப்பு வழங்குபவர்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள்; எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று பொருள். கோப்பைப் பதிவிறக்கும்போது கணினித் திரை பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 50 எம்பிபிஎஸ் இணைப்பில் திரையில் 6 MB/s என்று தெரிந்தால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஐம்பதை எட்டால் வகுத்தால் ஆறேகால்தான் வரும். திரையில் தெரியும் எண்ணை எட்டால் பெருக்கிப் பார்த்த பிறகு இணைப்பு கொடுத்தவரிடம் சண்டைக்குப் போவது நல்லது.

முதல் படி: நெருக்கடியான நேரத்தைக் கண்டுபிடித்தல்

வீட்டில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று எண்ணி, கருவி ஒன்றுக்கு இத்தனை மெகாபிட் என்று பெருக்கிச் சொல்லும் வழக்கம் விற்பனையாளர்களிடம் உண்டு. அந்தப் பெருக்கல் நமக்கு உதவாது. பன்னிரண்டு கருவிகள் வைஃபையில் சேர்ந்திருந்தாலும், பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரே நேரத்தில் அதிக வேலை நடக்கும் அந்த ஒரு மணி நேரம் எது, அப்போது யார் என்ன செய்கிறார்கள் என்பதே. ஒரு வார நாளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் எடுத்து, மணிவாரியாகத் தாளில் எழுதிவிட்டால் அது தானாகவே தெரிந்துவிடும்.

தங்கை வீட்டில் அது வார நாட்களில் இரவு ஏழரை முதல் எட்டரை வரை. தங்கை படுக்கையறையில் காணொளிக் கூட்டத்தில் இருப்பாள். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகன் நுழைவுத் தேர்வுக்கான நேரலை வகுப்பில் இருப்பான். மாமனார் கூடத்தில் 4கே தொலைக்காட்சியில் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பார். கல்லூரி மகள் கைபேசியில் குறுங்காணொளிகளைத் தள்ளிக்கொண்டிருப்பாள். வாசலில் இருக்கும் கண்காணிப்புக் கேமரா தன் பதிவை இடைவிடாமல் மேகச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். தங்கையின் கணவர் அந்த நேரத்தில் பெரும்பாலும் வழியில் இருப்பார். கணக்குக்கு அவர் தேவையில்லை.

இரண்டாம் படி: வேலைகளை மூன்றாகப் பிரித்தல்

இணையத்தில் செய்யும் எல்லா வேலைக்கும் ஒரே குணம் இல்லை. சில வேலைகள் ஒரு நொடி தாமதத்தையும் பொறுக்காது. சில கொஞ்சம் பொறுக்கும். சில எவ்வளவு கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளும், கொடுக்காவிட்டால் காத்திருக்கும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கணக்கில் பாதி முடிந்துவிடும்.

பொறுக்காத வகையில் வருவது காணொளிக் கூட்டம். பேசுவது அந்த நொடியிலேயே போய்ச் சேர வேண்டும் என்பதால் முன்கூட்டிச் சேர்த்துவைக்க வழியில்லை. ஆனால் அதற்குத் தேவைப்படும் அளவு, பலரும் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஜூம் நிறுவனம் தரும் அளவின்படி, பலர் கலந்துகொள்ளும் கூட்டத்தில் 720பி தரத்துக்குப் பதிவேற்றத்தில் 2.6 எம்பிபிஎஸ்ஸும் பதிவிறக்கத்தில் 1.8 எம்பிபிஎஸ்ஸும் போதும். நான் இரண்டு பக்கமும் 3 என்று வைத்துக்கொள்வது வழக்கம். அலுவலக விபிஎன் வழியாகச் செல்லும்போது கூடும் சிறு சுமையும் அதற்குள் அடங்கிவிடும்.

கொஞ்சம் பொறுக்கும் வகையில் படமும் தொடரும் பார்ப்பது வருகிறது. தொலைக்காட்சி அடுத்து வரும் காட்சிகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதால், நடுவில் சில நொடி வேகம் குறைந்தாலும் படம் நிற்பதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 1080பி தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் என்று பரிந்துரைக்கிறது. யூடியூப் 4கேவுக்கு 20 கேட்கிறது. வீட்டில் எது ஓடும் என்று சொல்ல முடியாது என்பதால் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். நேரலை வகுப்பு இந்த வகைக்கும் முந்தைய வகைக்கும் நடுவில் நிற்கிறது. ஆசிரியர் பேசுவதை மாணவன் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் வரை சில நொடி பின்தங்கினாலும் குறையில்லை. கேமராவைப் போட்டுச் சந்தேகம் கேட்கும் வகுப்பாக இருந்தால் அதைப் பொறுக்காத வகையிலேயே சேர்க்க வேண்டும்.

மூன்றாவது வகையில் விளையாட்டுப் பதிவிறக்கம், விண்டோஸ் புதுப்பிப்பு, கைபேசிப் படங்களின் காப்புப் பதிவு ஆகியவை அடங்கும். இவற்றுக்கு "தேவை" என்று ஓர் எண்ணே கிடையாது. 20 கொடுத்தால் இருபதையும், 200 கொடுத்தால் இருநூறையும் எடுத்துக்கொள்ளும். எனவே இவற்றைக் கூட்டலில் சேர்க்கக் கூடாது. எவ்வளவு நேரம் காத்திருக்க நாம் தயார் என்ற கேள்வியாகத் தனியே வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: இரண்டு பக்கமும் கூட்டுதல்

தாளில் இரண்டு பத்திகள் போட்டு, இடப்பக்கம் பதிவிறக்கம், வலப்பக்கம் பதிவேற்றம் என்று எழுதினேன். பலர் வலப்பக்கத்தை எழுதுவதே இல்லை. தங்கை வீட்டுக் கோளாறு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

பதிவிறக்கத்தில், தங்கையின் கூட்டத்துக்கு 3, மகன் வகுப்புக்கு 3, தொலைக்காட்சிக்கு 20, மகளின் குறுங்காணொளிகளுக்கு 5, பின்னணியில் ஓடும் வாட்ஸ்அப், மின்னஞ்சல் போன்ற சில்லறைகளுக்கு 2 என்று மொத்தம் 33 எம்பிபிஎஸ் வந்தது. மூன்றில் ஒரு பங்கை மேலே சேர்த்தால் 44. இந்தக் கூடுதலை நான் ஆடம்பரமாகப் பார்ப்பதில்லை. இணைப்பை விளிம்பு வரை நிரப்பினால் முதலில் அடிபடுவது பொறுக்காத வகைதான். போதாததற்கு, விளம்பரத்தில் "50 எம்பிபிஎஸ் வரை" என்று போடும்போது அந்த "வரை" என்ற சொல்லும் ஏதோ காரணத்தோடுதான் அங்கே நிற்கிறது.

பதிவேற்றத்தில், கூட்டத்துக்கு 3, மகன் கேமராவைப் போட்டால் 1, வாசல் கேமராவுக்கு 2 என்று 6 எம்பிபிஎஸ். கூடுதலைச் சேர்த்தால் 8. பத்து என்று முழுதாக்கிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக் கேமரா தனக்குள் இருக்கும் நினைவட்டையில் பதியும் வகையாக இருந்தால், நீங்கள் கைபேசியில் திறந்து பார்க்கும் நேரத்தில் மட்டுமே அது எதையாவது அனுப்பும். அப்போது அந்த இரண்டைக் கழித்துவிடலாம்.

ஆக, ஐந்து பேர் இருக்கும் வீட்டின் மிக நெருக்கடியான மணிக்கு 50 எம்பிபிஎஸ் பதிவிறக்கமும் 10 எம்பிபிஎஸ் பதிவேற்றமும் போதும் என்று தாள் சொன்னது. அவர்கள் வாங்கியிருந்ததோ 200. அப்படியிருந்தும் குரல் உடைகிறது என்றால், கோளாறு வாங்கிய அளவில் இல்லை என்று பொருள்.

நான்காம் படி: வீட்டுக்குள் உண்மையில் வருவதை அளத்தல்

அளப்பதை நெருக்கடியான அதே மணியில் செய்ய வேண்டும். வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையில் வருகிறது. அதில் ஒரு ஃபைபரின் சுமார் 2.5 ஜிகாபிட் பதிவிறக்கத்தையும் 1.25 ஜிகாபிட் பதிவேற்றத்தையும் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. காலை ஆறு மணிக்கு அளந்தால் தெருவே தூங்கிக்கொண்டிருக்கும். அந்த எண்ணை நம்பிப் பயனில்லை.

முதலில் மடிக்கணினியை ரூட்டரோடு கம்பியில் இணைத்து, உலாவியில் `fast.com` என்று தட்டினேன். பதிவிறக்கம் 94 எம்பிபிஎஸ் என்று வந்தது. மூன்று முறை பார்த்தும் அதே 94. இந்த எண்ணை எங்கே கண்டாலும் ஐயப்பட வேண்டும், ஏனென்றால் 100 எம்பிபிஎஸ் வேகமுள்ள ஒரு கம்பித் துளை நடைமுறையில் தரக்கூடிய உச்சம் ஏறத்தாழ அதுதான். பழைய 100 திட்டத்தோடு வந்த ரூட்டரையே அப்படியே வைத்துக்கொண்டு திட்டத்தை மட்டும் உயர்த்தியிருந்தார்கள். அதன் துளைகள் எல்லாம் 100 எம்பிபிஎஸ் வகை. கூடுதலாகப் பணம் கட்டிய அந்த நூறு மெகாபிட், வீட்டுக்குள் ஒரு நாள்கூட வரவில்லை. ரூட்டர் சரியாக இருந்து கம்பியின் முனையில் ஏதாவது ஓர் இழை சரியாகப் பிடிக்காமல் போனாலும் இதே அறிகுறி தெரியும். ஜிகாபிட் வேகத்துக்குக் கம்பியின் எட்டு இழைகளும் வேண்டும், நூறுக்கு நான்கே போதும் என்பதால் அது சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும்.

பிறகு `Show more info` என்பதை அழுத்தினால் பதிவேற்ற வேகமும் தாமதமும் தெரியும். பதிவேற்றம் 19. திட்டத்தின் விவரத்தைத் தேடிப் படித்தபோது, பழைய 100 திட்டத்திலும் புதிய 200 திட்டத்திலும் பதிவேற்றம் 20 எம்பிபிஎஸ் என்றுதான் போட்டிருந்தது. விலை கூடியதே தவிர, தங்கையின் குரல் வெளியே போகும் வழி ஓர் அங்குலமும் அகலமாகவில்லை.

தாமதத்தை `fast.com` இரண்டாகக் காட்டுகிறது: இணைப்பு ஓய்வாக இருக்கும்போது `Unloaded`, நிரம்பி ஓடும்போது `Loaded`. முதல் எண் சிறியதாகவும் இரண்டாவது பல மடங்காகவும் இருந்தால், யாரோ ஒருவர் பெரிய கோப்பை அனுப்பும்போதெல்லாம் மற்றவர்களின் பேச்சு வரிசையில் நின்று காத்திருக்கிறது என்று அர்த்தம். தங்கை வீட்டில் அது 11 மில்லி விநாடியும் 240 மில்லி விநாடியுமாக இருந்தது. பேச்சு ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. இங்கிருந்து அமெரிக்கா போய்த் திரும்பவே 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடும் என்னும்போது, வீட்டுக்குள்ளேயே இன்னொரு 200 கூடினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். தங்கை வர்ணித்ததும் கிட்டத்தட்ட அதையேதான்.

ஐந்தாம் படி: கோளாறு வைஃபையிலா, வெளி இணைப்பிலா?

இதைப் பிரித்தறிய விண்டோஸில் `Command Prompt` என்ற கட்டளைச் சாளரம் இரண்டைத் திறந்துகொள்ள வேண்டும். `ipconfig` என்று தட்டினால் `Default Gateway` என்ற இடத்தில் ரூட்டரின் முகவரி இருக்கும். ஒரு சாளரத்தில் அந்த முகவரிக்கும் இன்னொன்றில் வெளி உலகத்துக்கும் விடாமல் குரல் கொடுத்துப் பார்க்கிறோம்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

ரூட்டரின் முகவரி உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். 8.8.8.8 என்பது கூகுளின் சேவையக முகவரி. ஒவ்வொரு வரியின் இறுதிப் பகுதியிலும் `time=` என்று வருவதைக் கவனிக்க வேண்டும். இரண்டு சாளரங்களிலும் எண் ஒன்றாக எகிறினால் கோளாறு மடிக்கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவில், அதாவது வைஃபையில் இருக்கிறது. ரூட்டர் சாளரம் அமைதியாக இருந்து மற்றொன்று மட்டும் எகிறினால், நெரிசல் ரூட்டருக்கு வெளியே போகும் வழியில். `Ctrl` விசையோடு `C` அழுத்தினால் இது நிற்கும்.

படுக்கையறையில் தங்கை வழக்கமாக உட்காரும் மேசையிலிருந்து பார்த்தபோது, முதல் சாளரத்திலேயே 3, 5, 140, 4, 210 என்று எண்கள் குதித்தன; நடுவில் இரண்டு முறை `Request timed out.` என்றும் வந்தது. அந்த இடத்தில் வேகம் 14 எம்பிபிஎஸ்தான். ரூட்டர் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்க, நடுவில் இரண்டு செங்கல் சுவர்களும் ஓர் இரும்பு பீரோவும் நின்றன. வைஃபையின் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை அவ்வளவு தூரம் வராமல் மடிக்கணினி மெதுவான 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது. அடுக்ககத்தில் அண்டை வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தன. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத அலைத்தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான் என்பதால், பத்து வீடுகள் இருக்கும் இடத்தில் தடத்தை மாற்றிப் பார்ப்பதால் பெரிய பலன் கிடைப்பதில்லை.

கூடத்திலிருந்து படுக்கையறை வரை சுவரோரமாகப் பதினைந்து மீட்டர் கம்பியை இழுத்தோம். கூட்டம் நடக்கும் மேசைக்குக் கம்பியைவிடச் சிறந்த வழி எதுவும் இல்லை என்பது என் கருத்து. புதிய ரூட்டர் வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். கம்பி போட்டதும் முதல் சாளரத்தில் எல்லாமே `time<1ms` என்று அடங்கிவிட்டது.

ஆனால் மறுநாள் ஏழே முக்காலுக்கு இரண்டாவது சாளரம் 12இலிருந்து 190க்குப் போனது. ரூட்டர் சாளரம் அசையவில்லை. அப்போதுதான் கல்லூரிச் சுற்றுலா முடிந்து மகள் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். கைபேசி வைஃபையைப் பிடித்ததும் 6 ஜிபி காணொளிகளைக் காப்புப் பதிவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. 6 ஜிபி என்பது 48,000 மெகாபிட். 20 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் அது போய் முடிய 2,400 நொடி, அதாவது 40 நிமிடம் ஆகும். தங்கையின் கூட்டமும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான். பல ரூட்டர்களின் அமைப்பில் `QoS` அல்லது `Bandwidth Control` என்ற பெயரில் ஒரு பக்கம் இருக்கும்; அதில் மகளின் கைபேசிக்குப் பதிவேற்ற வரம்பை 8 எம்பிபிஎஸ் என்று வைத்தோம். அதே காணொளிகள் போய்ச் சேர இனி ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், அவ்வளவுதான். இரண்டாவது சாளரம் மறுபடியும் 12, 13 என்று இறங்கிவிட்டது.

ஆறாம் படி: திட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

திட்டம் வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டு, வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதிவேற்ற வேகம் எவ்வளவு என்பது முதலாவது. "அதுவும் அதேதான் சார்" என்று சொல்லிவிட்டு, ரசீதில் வேறு எண் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. கொடுக்கும் ரூட்டரின் துளைகள் 100 வகையா ஜிகாபிட் வகையா என்பது இரண்டாவது. 100க்கு மேல் வாங்குபவர்களுக்கு மட்டும் இது முக்கியம். மாத வரம்பு எத்தனை ஜிபி, அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பது மூன்றாவது. 4கே படம் மணிக்கு சுமார் 7 ஜிபி எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு நான்கு மணி நேரம் பார்க்கும் வீட்டில் அதற்கு மட்டும் மாதம் 840 ஜிபி ஆகிறது. 3,300 ஜிபி வரம்புள்ள திட்டத்தில் இது பொருட்டே இல்லை. 500 ஜிபி வரம்புள்ள மலிவுத் திட்டத்தில் பதினெட்டாம் தேதியே முடிந்துவிடும்.

தங்கை வீட்டில் அடுத்த மாதமே பதிவிறக்கமும் பதிவேற்றமும் 50 எம்பிபிஎஸ் தரும் வேறொரு திட்டத்துக்கு மாறினார்கள். கூட்டம், வகுப்பு, 4கே தொலைக்காட்சி மூன்றும் சேர்ந்து ஓடும் இரவுகளில் இதுவரை குறை எதுவும் வரவில்லை. குறை சொன்னது மகன் மட்டுமே. 60 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்க 200 எம்பிபிஎஸ்ஸில் 40 நிமிடம் ஆகும். 50இல் 2 மணி 40 நிமிடம். பழைய ரூட்டர் நூறைத் தாண்டவே இல்லை என்பதால் அந்த 40 நிமிடத்தை அவன் ஒரு நாளும் கண்டதில்லை என்று சொல்லிப் பார்த்தேன்; அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. இப்போது இரவு பதினொன்றுக்குப் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டுப் படுக்கிறான், காலையில் முடிந்திருக்கிறது. கணினி தானாக உறங்கப் போகும் அமைப்பை நிறுத்த மறந்த முதல் இரவு மட்டும், காலையில் எழுந்து பார்த்தபோது அது 11 விழுக்காட்டிலேயே நின்றிருந்தது.